மலை வீட்டு அலுவலக அறைக்கு எது பொருந்தும்: ஜன்னலா, எக்ஸாஸ்ட் ஃபேனா, ஏசியா?

குன்னூர், கோத்தகிரி பக்கம் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் பெருகிவிட்டார்கள். அதோடு ஒரு புகாரும் பெருகிவிட்டது. வெளியே காற்று சில்லென்று இருக்கிறது, அறைக்குள் மட்டும் மதியம் புழுங்குகிறது. உடனே ஏசிக் கடைக்குப் போன் போடுகிறார்கள். கடைக்காரர் அறையின் சதுர அடியைக் கேட்பார். 120 சதுர அடி என்றால் ஒரு டன் என்பார். கம்ப்யூட்டர் இருக்கிறது என்று சொன்னால் ஒன்றரை டன் ஆகிவிடும்.

சமவெளியில் இந்தச் சதுர அடிக் கணக்கு ஓரளவு சரியாகவே வரும். கோவையிலோ மதுரையிலோ ஏப்ரல் மாதம் வெளியே 37, 38 டிகிரி இருக்கும்போது சுவர், கூரை, ஜன்னல் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வெப்பம் உள்ளே வருகிறது. அறை பெரிதானால் உள்ளே வரும் வெப்பமும் பெரிதாகும். குன்னூரில் அதே ஏப்ரல் மதியம் நிழலில் 24, 25 டிகிரிதான். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் அதைவிடக் குறைவு. இங்கே அறைதான் வெளியைவிடச் சூடு, வெப்பம் உள்ளேயே பிறந்து சுவர் வழியாக வெளியே போகிறது. அதனால் சதுர அடி இங்கே எதையும் சொல்லாது. உள்ளே எத்தனை பேர், எத்தனை மெஷின், அவை எத்தனை வாட் இழுக்கின்றன என்பதுதான் கணக்கு.

என் தங்கை வீட்டுக்காக இந்தக் கணக்கைப் போட்டேன். குன்னூரில், கீழ்த்தளத்தில் ஓர் அறை. 12 அடிக்கு 10 அடி, ஒன்பதரை அடி உயரம், மேலே இன்னொரு வீடு. வடக்கிலும் கிழக்கிலும் ஜன்னல். மாப்பிள்ளைக்கு வீடியோ எடிட்டிங் வேலை, தங்கைக்கு லேப்டாப்பில் மெடிக்கல் கோடிங். இருவரும் ஒரே அறையில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை. பழைய மலை வீடு என்பதால் சீலிங் ஃபேன் மாட்டக் கொக்கிகூட இல்லை.

"ஒன்றரை டன் போட்டால்தான் தாங்கும்னு கடையில சொல்றாங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

"எதைத் தாங்க வேண்டும் என்று முதலில் எண்ணிப் பார்ப்போம் மாப்பிள்ளை" என்றேன்.

ஸ்டிக்கரைக் கூட்டக் கூடாது

அடிப்படை விஷயம் ஒன்று. கம்ப்யூட்டர் இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அந்த அறைக்குள் வெப்பமாகத்தான் முடிகிறது. வேலை கடினமானதா எளிதானதா என்பது பொருட்டில்லை. 200 வாட் இழுத்தால் 200 வாட் வெப்பம். எல்இடி விளக்கும் அப்படித்தான். வெளிச்சம் சுவரிலும் மேசையிலும் பட்டு வெப்பமாகிவிடுகிறது. ஃபேன் இருந்தால் அதன் மோட்டார் இழுப்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

தவறு நடப்பது எத்தனை வாட் என்று எடுக்கும் இடத்தில். சிபியு பெட்டிக்குள் மற்ற பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் 750 வாட் என்று ஒட்டியிருந்தது. அது அந்த எஸ்எம்பிஎஸ் கொடுக்கக்கூடிய உச்சம். கம்ப்யூட்டர் எப்போதும் அவ்வளவு இழுக்கும் என்று அர்த்தமில்லை. மானிட்டர் அடாப்டர் இரண்டிலும் 90 வாட், லேப்டாப் சார்ஜரில் 65, சின்ன மானிட்டரில் 40, லேசர் பிரிண்டரில் 450, யுபிஎஸ்ஸில் 800, ரவுட்டர் அடாப்டரில் 24. இவற்றோடு 40 வாட் விளக்கையும் இரண்டு ஆட்களையும் சேர்த்தால் 2,600 வாட் சுமாருக்கு வருகிறது. ஒரு டன் என்பது 3,517 வாட். பாதுகாப்புக்குக் கொஞ்சம் கூட்டினால் ஒன்றரை டன் என்பது நியாயமாகவே தோன்றும். இப்படித்தான் பெரிய மெஷின் வீட்டுக்கு வந்துவிடுகிறது.

இதில் யுபிஎஸ்ஸைச் சேர்த்தது சுத்தமாகத் தப்பு. யுபிஎஸ் வழியாகப் போகும் மின்சாரம் சிபியுவிலும் மானிட்டரிலும்தான் வெப்பமாகிறது, அதை அங்கேயே எண்ணிவிட்டோம். யுபிஎஸ்ஸுக்கென்று சேர்க்க வேண்டியது அது தனக்குள் இழக்கும் இருபது வாட் போலச் சிறு அளவு மட்டும். கரண்ட் போய் வந்த பிறகு பேட்டரி சார்ஜ் ஆகும்போது மீட்டரில் நிறையக் காட்டும். ஆனால் அதில் பெரும்பகுதி பேட்டரிக்குள் போய் உட்காருகிறது, ஒரு சிறு பங்குதான் அந்த நேரத்து வெப்பம்.

பிளக்குக்கும் மெஷினுக்கும் நடுவே செருகும் வாட் மீட்டர் ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அதை ஒவ்வொன்றுக்கும் போட்டு, சாதாரண வேலை நடக்கும்போது சில நிமிடம் பார்த்தோம். சிபியு எடிட்டிங்கில் சராசரி 210 வாட், எடிட் செய்ததை முழு வீடியோவாக உருவாக்கும் ரெண்டர் ஓடும்போது 380. பெரிய மானிட்டர் இரண்டும் 32 வீதம் 64. லேப்டாப் 28, சின்ன மானிட்டர் 22. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் சேர்ந்து 14. யுபிஎஸ் இழப்பு 20. சும்மா இருக்கும் பிரிண்டர் 8. இரண்டு எல்இடி டியூப் 40. மொத்தம் 406 வாட். ஸ்டிக்கர் கணக்கில் பாதியைக்கூட எட்டவில்லை.

பிரிண்டர் அச்சடிக்கும்போது ஏறத்தான் செய்யும். ஆனால் நாளுக்குப் பத்துப் பக்கம் அடிக்கும் வீட்டில் அது சில நிமிட விஷயம், அறையின் வெப்பத்தை அது தீர்மானிப்பதில்லை. எலக்ட்ரிக் கெட்டிலும் அப்படியே. 1,500 வாட் என்று பயமுறுத்தினாலும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு நாலு நிமிடம்தான். குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்த வெப்பத்தில் பெரும்பகுதி டீயாக உள்ளே போகிறது. அதன் ஆவி மட்டும் அறையில் தங்குவது வேண்டாம் என்பதால் கெட்டிலைச் சமையலறைக்கு மாற்றச் சொன்னேன்.

அப்புறம் ஆட்கள். உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவர் உடல் 115 வாட் அளவுக்கு வெப்பம் விடுகிறது. அதில் 70 வாட் நேரடியாகக் காற்றைச் சூடாக்குகிறது, பழைய குண்டு பல்பு ஒன்று எரிவது போல. மீதி 45 வாட் மூச்சிலும் வேர்வையிலும் ஈரமாகப் போகிறது. தெர்மாமீட்டரில் அது தெரியாது, ஏசி போட்டால் மட்டும் அந்த ஈரத்தைத் தண்ணீராக்கி வெளியே தள்ளும் வேலையாக வந்து சேரும். இருவருக்கும் 140 வாட் வெப்பம், 90 வாட் ஈரம்.

ஆக, சாதாரண நேரத்தில் 406-உம் 140-உம் சேர்ந்து 546 வாட். ரெண்டர் ஓடினால் 716. ஏசிக்கு மட்டும் இதோடு ஈரத்தின் 90-ஐச் சேர்க்க வேண்டும்.

வாட் மீட்டர் இல்லையென்றால் ஈபி மீட்டர்

வாட் மீட்டர் வாங்காமலும் இதைச் சரிபார்க்கலாம். வீட்டு ஈபி மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கும். பக்கத்திலேயே `3200 imp/kWh` என்பது போல அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அத்தனை தடவை மினுங்கும் என்று பொருள். ஃபிரிட்ஜ் உட்பட வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அலுவலக அறையை மட்டும் வழக்கம்போல ஓட விட்டு, பத்து மினுங்கலுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று போனில் எடுங்கள்.

```
W = 3600000 × 10 / (3200 × 28) ≈ 402
```

தங்கை வீட்டில் 28 விநாடி ஆனது. அதாவது 402 வாட். ஒவ்வொன்றாக அளந்த 406-உக்கு வெகு அருகில். உங்கள் மீட்டரில் 3200-உக்குப் பதில் வேறு எண் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கணக்கும் நூறு வாட்டுக்கு மேல் விலகினால் எங்கோ ஒரு மெஷினை விட்டுவிட்டீர்கள். பெரும்பாலும் அது கேமரா ரெக்கார்டர் பெட்டியாகவோ அணைக்க மறந்த பழைய செட்டாப் பாக்ஸாகவோ இருக்கும்.

ரெண்டர் ஓடும்போது இன்னொரு முறை எண்ணுங்கள். அந்த உச்சம் எத்தனை நேரம் நீடிக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட உச்சத்தைச் சுவர்களே வாங்கிக்கொள்ளும். இரண்டு மணி நேர உச்சம் என்றால் அதையே கணக்கின் அளவாக எடுக்க வேண்டும்.

ஒரு டிகிரிக்கு எத்தனை வாட் வெளியே போகும்

உள்ளே பிறக்கும் வெப்பம் தெரிந்தாயிற்று. அது எந்த வழியாக எவ்வளவு வெளியேறும் என்பதில்தான் ஒவ்வொரு வழியும் வேறுபடுகிறது.

அந்த அறையின் இரண்டு பக்கம் வெளிச்சுவர், ஒன்பது அங்குலச் செங்கல். ஜன்னல் கண்ணாடி ஒற்றை. இவை எல்லாம் சேர்ந்து, அறை வெளியைவிட ஒரு டிகிரி சூடாக இருந்தால் சுமார் 50 வாட்டை வெளியே கடத்தும். ஜன்னலை எல்லாம் மூடி வைத்தால் இது ஒன்றுதான் வழி. 546-ஐ 50-ஆல் வகுத்தால் 11 டிகிரி வருகிறது. சுவர்கள் வெப்பத்தை மெதுவாக உறிஞ்சுவதால் ஒரு நாள் வேலைக்குள் அவ்வளவு ஏறாது. மதியம் மூன்று மணிக்கு வெளியே 24, உள்ளே 31 என்று அவர்கள் வீட்டில் பார்த்தோம். புழுக்கத்துக்குக் காரணம் அவ்வளவுதான். மூடிய ஜன்னலும் ஐந்நூறு சொச்சம் வாட்டும்.

ஏன் மூடி வைத்திருந்தார்கள்? குரங்கு. ஜன்னல் கதவு திறந்திருந்தால் உள்ளே வந்து கீபோர்டைக்கூட எடுத்துப் போய்விடும். இது மலையில் இருப்பவர்களுக்குப் புரியும்.

காற்றை நகர்த்தினால் எவ்வளவு வெப்பம் போகும் என்று பார்க்கும்போது உயரத்தை மறக்கக் கூடாது. குன்னூர் 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். அதே ஃபேன் அதே அளவு காற்றைத் தள்ளினாலும் அது சுமந்து போகும் வெப்பம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். மணிக்கு 500 கன மீட்டர் காற்று இங்கே ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 134 வாட்டைச் சுமக்கும். சென்னையில் அதே காற்று 165 வாட் சுமக்கும். சமவெளிக்காக எழுதிய ஃபேன் அட்டவணையைப் பார்த்து வாங்குபவர்கள் இதற்காக ஒரு படி பெரியதாக எடுக்க வேண்டும்.

ஜன்னலைத் திறப்பது

செலவில்லாத வழி என்பதால் முதலில் இது. வடக்கு ஜன்னலுக்கும் கிழக்கு ஜன்னலுக்கும் கம்பி வலை அடித்துத் திறந்து வைத்தால், காற்று ஓரளவு வீசும் நாளில் மணிக்கு 200 கன மீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்ளலாம். அது டிகிரிக்கு 54 வாட், சுவரின் 50-ஐச் சேர்த்தால் 104. 546-ஐ வகுத்தால் ஐந்து டிகிரி. வெளியே 18 இருக்கும் ஜூலை நாளில் உள்ளே 23, அருமையான அறை. வெளியே 24 இருக்கும் ஏப்ரல் மதியம் உள்ளே 29, தாங்கலாம் ஆனால் சுகமில்லை. காற்றே இல்லாத நாளில் இன்னும் ஏறும். காற்றின் தயவில் இருப்பதுதான் இதன் குறை. கம்பி வலையின் கண் சிறிதாக ஆக ஓட்டமும் குறையும், அதனால் கொசு வலையைத் தவிர்த்து குரங்கைத் தடுக்கும் அளவு வலையே போதும் என்றால் அதையே போடுங்கள்.

சிபியுவை வெளியே வைப்பது

யாரும் கேட்காத வழி இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். அறையின் மொத்த வெப்பத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அந்த ஒரு பெட்டியிலிருந்து வருகிறது, ரெண்டர் நேரத்தில் பாதிக்கு மேல். அதை அறைக்குள் வைத்துவிட்டு அதன் வெப்பத்தை வெளியேற்றக் காசு செலவழிப்பதை விட, பெட்டியையே நடைக்கு மாற்றிவிடலாம். சுவரில் ஒரு துளை, ஐந்து மீட்டர் நல்ல மானிட்டர் கேபிள் இரண்டு, கரண்ட் உள்ள ஒரு யுஎஸ்பி ஹப். அவ்வளவே.

பெட்டி போனதும் அறையில் மீதி 336 வாட். திறந்த ஜன்னலோடு வகுத்தால் 3 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். ஏப்ரல் மதியம் 24 வெளியே, 27 உள்ளே. இன்னொரு நன்மை, ரெண்டர் 380 வாட்டுக்குப் போனாலும் அறைக்குத் தெரியாது. ஃபேன் சத்தமும் நடைக்குப் போய்விடும்.

இதற்கும் எல்லை உண்டு. நடை காற்றோட்டமாக இருக்க வேண்டும். மூடிய அலமாரிக்குள் வைத்தால் சிபியு தானே சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ரெண்டர் நேரம் நீளும். மானிட்டர் கேபிள் ஐந்து மீட்டருக்கு மேல் போனால் உயர்ந்த ரெசல்யூஷனில் படம் விட்டுவிட்டு வரலாம். லேப்டாப் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியால் லாபம் இல்லை, அவர்கள் 30 வாட்டை நகர்த்தி என்ன ஆகப் போகிறது?

எக்ஸாஸ்ட் ஃபேன்

பத்து அங்குல ஃபேன் அட்டையில் மணிக்கு 800 கன மீட்டர் என்று போட்டிருந்தாலும், கிரில், மழைத் தடுப்பு, வலை எல்லாம் மாட்டிய பிறகு 500 என்று எடுத்துக்கொள்வதுதான் நியாயம். சுவரோடு சேர்த்து டிகிரிக்கு 184 வாட். சிபியு உள்ளேயே இருந்தாலும் 3 டிகிரிதான் ஏறும், ரெண்டரில் 4. கவனித்தீர்களா, பெட்டியை நகர்த்தி ஜன்னலைத் திறப்பதும், பெட்டியை உள்ளேயே விட்டுப் பெரிய ஃபேன் போடுவதும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. இரண்டையும் செய்தால் 2 டிகிரிக்குள் அடங்கிவிடும். அதாவது வெளியே 24 இருக்கும் ஏப்ரல் மதியத்திலும் உள்ளே 26.

ஃபேன் வேலை செய்கிறதா இல்லையா என்பதை முடிவு செய்வது காற்று உள்ளே வரும் வழி. மணிக்கு 500 கன மீட்டர் காற்று இரைச்சல் இல்லாமல் நுழைய ஒன்றரை சதுர அடி திறப்பு வேண்டும். அந்தத் திறப்பு ஃபேனுக்கு எதிர்ப்பக்கம், நிழல் விழும் சுவரில் இருக்க வேண்டும். ஃபேனுக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்தால் வெளிக்காற்று அந்த ஜன்னலில் நுழைந்து நேராக ஃபேனில் போய்விடும், மேசைப் பக்கம் வெப்பம் அப்படியே நிற்கும். ஒரு ஊதுபத்தியை ஏற்றி மேசை மேல் வையுங்கள். புகை மேசையைத் தாண்டி ஃபேனை நோக்கி நகர்ந்தால் சரி. நேராக மேலே எழும்பி நின்றால் இடம் தப்பு.

மலை வீடுகளுக்கென்று ஓர் எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். கணப்பு அடுப்போ, கேஸ் கீசரோ உள்ள வீட்டில், காற்று வரும் வழி இல்லாமல் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட்டினால் அது புகைபோக்கி வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும். கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு வாசனை கிடையாது, ஆளைக் கொல்லும். கணப்பு எரியும்போது இந்த ஃபேன் ஓடக் கூடாது. காற்று வரும் திறப்பை மூட முடியாதபடி அமைப்பது இன்னும் நல்லது.

சத்தம் இன்னொரு குறை. நாள் முழுதும் போனில் பேசுபவர்கள் வேகம் குறைக்கும் வசதியுள்ள ஃபேனாக வாங்கி, பேசும்போது குறைத்துக்கொள்ளலாம்.

ஏர் கூலர் பற்றிச் சுருக்கமாக: வேண்டாம். ஏற்கெனவே ஈரமான ஊரில் மேலும் ஈரத்தைச் சேர்த்துக் கேமரா லென்ஸுக்கும் புத்தகத்துக்கும் பூஞ்சை வரவழைக்கும்.

ஏசி

இப்போது ஏசியை அதே எண்களோடு பார்க்கலாம். வெளியே 24, உள்ளேயும் 24 வேண்டும் என்று வைத்தால் சுவர் வழியாக வெப்பம் வரவும் இல்லை, போகவும் இல்லை. அகற்ற வேண்டியது 546-உம் ஈரத்தின் 90-உம், 640 வாட் சுமார். ரெண்டரில் 800. எளிதில் கிடைக்கும் சிறிய அளவான 0.8 டன்னே 2,800 வாட். தேவையைப் போல மூன்று, நாலு மடங்கு. கடையில் சொன்ன ஒன்றரை டன் எட்டு மடங்கு.

பெரிதாக இருந்தால் என்ன, சீக்கிரம் குளிரும்தானே என்று கேட்பார்கள். குளிரும். ஐந்து நிமிடத்தில் குளிர்ந்து கம்ப்ரஸர் நின்றுவிடும். அதற்குள் காயிலில் படிந்த நீர் வழிந்து குழாயில் போக நேரமிருக்காது, ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன் அதை மறுபடி அறைக்குள்ளேயே ஆவியாக்கிவிடும். உள்ளே ஜில்லென்றும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். இன்வெர்ட்டர் ஏசி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் பூஜ்யம் வரை இறங்காது. பல மாடல்கள் மூன்றில் ஒரு பங்கு அளவில் நின்றுவிடும். ஒன்றரை டன்னில் மூன்றில் ஒன்று 1,750 வாட், நம் 640-ஐ விட மிக அதிகம். 0.8 டன்னில் 930, அதுவும் சாதாரண நேரத்தில் நின்று நின்றுதான் ஓடும், ஆனால் ரெண்டர் நேரத்தில் கிட்டத்தட்டத் தாக்குப்பிடிக்கும். அதனால் ஏசி வாங்குவதென்றே முடிவானால் டன்னை விடக் குறைந்தபட்சத் திறன் என்ற வரியை அட்டவணையில் தேடிப் பாருங்கள். அது எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது.

உயரத்தில் ஏசியின் திறன் குறையுமே என்றும் ஒரு வாதம் வரும். மெல்லிய காற்றால் குறைவது நிஜம். ஆனால் ஏசியின் திறனைக் குறிப்பது வெளியே 35 டிகிரி இருக்கும் நிலையில். இங்கே வெளியே 25-தான் என்பதால் கிடைக்கும் லாபம் அந்த நஷ்டத்தைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகிறது. அதைச் சொல்லி அரை டன் கூட்ட வேண்டியதில்லை.

ஏசிக்கு இன்னொரு குறை, அது வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. இரண்டு பேர் மூடிய 120 சதுர அடியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் கரியமில வாயு ஏறித் தூக்கம் கண்ணைச் சுழற்றும். அதற்காக ஜன்னலைக் கொஞ்சம் திறக்கத்தான் வேண்டும். இந்த ஊரில் ஜன்னலைத் திறந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஏசி சரியான முடிவாக இருக்கும் வீடுகளும் உண்டு. மேலே நேராகத் தகரக் கூரை, அல்லது மேற்கு வெயில் அடிக்கும் ஜன்னல். கண்ணாடி மட்டும் 1.2 சதுர மீட்டர் உள்ள மேற்கு ஜன்னலில் திரையில்லாவிட்டால் நாலு மணி வெயில் 500 வாட்டுக்கு மேல் உள்ளே கொட்டும், அறையில் இருக்கும் எல்லாக் கம்ப்யூட்டரும் சேர்ந்து தருவதைவிட அதிகம். அதற்கும் முதல் மருந்து வெளியே ஒரு சன்ஷேடோ மூங்கில் தட்டியோதான், உள்ளே போடும் திரை பாதியைத்தான் தடுக்கும். பேருந்து நிலையத்தை ஒட்டிய வீடு, தூசியும் ஹாரனும் ஜன்னலைத் திறக்க விடாது என்றால் ஏசி போடலாம். கூடலூர், பர்லியார், பழனி மலையின் கீழ்ச்சரிவு ஊர்கள் போல வெளியே 30-ஐத் தொடும் இடங்களிலும் காற்றை மாற்றிப் பயனில்லை, அங்கே சிறிய ஏசிதான்.

வெப்பம் உள்ளிருந்து வருகிறதா, கூரையிலிருந்து வருகிறதா என்று சந்தேகமாக இருந்தால் ஒரு சின்னச் சோதனை. மாலை ஆறு மணிக்கு எல்லா மெஷினையும் அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, அரை மணி நேரம் கழித்து தெர்மாமீட்டரைப் பாருங்கள். மளமளவென்று இறங்கினால் சூடு மெஷினிலிருந்து வந்தது. எட்டு மணிக்கும் சுவரையும் கூரையையும் தொட்டால் சூடாக இருந்தால் அது வெயிலின் வேலை, இந்தக் கட்டுரையின் வாட் கணக்கு மட்டும் உங்களுக்குப் போதாது.

அந்த வீட்டில் எடுத்த முடிவு

சிபியு நடைக்குப் போனது. தெற்கில், நடையை ஒட்டிய சுவரில் அறைக்கும் நடைக்கும் நடுவே ஒரு கதவு ஏற்கெனவே இருந்தது, கேபிள் அதன் நிலைக்குப் பக்கத்தில் ஒரு துளை வழியாக வருகிறது. கிழக்குச் சுவரின் மேல்பகுதியில் வேகம் மாற்றும் பத்து அங்குல ஃபேன், வடக்கு ஜன்னலில் வலையோடு திறப்பு. கிழக்கு ஜன்னல் ஃபேனுக்குப் பக்கம் என்பதால் ஃபேன் ஓடும்போது அது மூடியே இருக்கும். ஏசிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பகுதிதான் செலவானது. ஃபேன் முழு வேகத்திலும் 50 வாட்டுக்கு மேல் இழுப்பதில்லை.

"மழைக்காலத்தில் மேகம் அப்படியே உள்ளே வந்துடுமே அண்ணா?" என்று தங்கை கேட்டாள். குன்னூருக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, நாள்கணக்கில் மூட்டம். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இங்கேதான் உள்வெப்பம் கை கொடுக்கிறது. வெளியே 15 டிகிரியில் ஈரப்பதம் நூறு சதவீதமாக நிறைந்திருக்கும் காற்றை உள்ளே கொண்டுவந்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் 73 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஐந்து டிகிரிச் சூடு போதும், பூஞ்சையின் வேகம் குறைய. அந்த ஐந்து டிகிரிக்கு ஹீட்டர் வாங்க வேண்டாம்.

அதனால் அந்த மாதங்களில் ஃபேனை மிகக் குறைந்த வேகத்தில் வைத்து, நடைக் கதவைத் திறந்துவிடச் சொன்னேன். நடையில் இருக்கும் சிபியுவின் 210 வாட் அப்போது அறைக்குள் திரும்பி வரும். மார்ச் பிறந்ததும் கதவைச் சாத்திவிட்டு ஃபேனைக் கூட்டினால் போதும். அடுத்த வருடம் மாப்பிள்ளை இன்னும் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போடப் போகிறாராம். அதுவும் நடைக்குத்தான் போகிறது என்பதால் அறைக் கணக்கை மாற்ற வேண்டியதில்லை, நடையின் ஜன்னலை மட்டும் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டியிருக்கும்.